எண்ணெய் தீர்ந்திருக்குமே

ஊர் ஓரத்தில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்கட்டில் செக்கு ஓடுகிறது, முன்கட்டில் கல்லா. பில் போடும்போது போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். மூன்று வருடத்தில் 600 நம்பர்கள் சேர்ந்துவிட்டன. மாசி மாதத்து மதியம் ஒன்றில், வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில், கடைக்காரர் பழைய பில்களைப் புரட்டுகிறார். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த பல பெயர்கள் தீபாவளிக்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. 600 பேருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிட்டு, பத்து சதவீதம் தள்ளுபடி என்று போட்டுவிடலாமா என்று தோன்றும். நான் கடைக்காரராக இருந்தால் அன்றைக்குப் போனைத் தொடவே மாட்டேன். நோட்டைத்தான் எடுப்பேன்.

முதலில் தெரிய வேண்டியது, யார் உண்மையிலேயே நின்றுபோனவர் என்பது. "மூன்று மாதமாக வராதவர்கள்" என்று பொதுவாக ஒரு கோடு போட்டால் கணக்கு தப்பிவிடும். ஒரு வீட்டில் 5 லிட்டர் கடலெண்ணெய் 45 நாளில் தீர்கிறது. இன்னொரு வீட்டில் தலைக்குத் தேய்க்க ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் மட்டும் வாங்குகிறார்கள், அது நாலு மாதம் வருகிறது. மூன்றாவது வீட்டார் தீபாவளிப் பலகாரத்துக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள். மூவரும் வந்து 100 நாள் ஆகிறது என்றால், முதல் வீட்டார் மட்டுமே போய்விட்டவர்கள். இரண்டாவது வீட்டில் எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கும். மூன்றாவது வீட்டாரைக் கூப்பிட வேண்டிய மாதம் புரட்டாசி, மாசி அல்ல. அதனால் ஒவ்வொரு வீட்டின் கடைசி நாலைந்து பில்களைப் பார்த்து, சராசரியாக எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளி இரண்டு மடங்கானபின்னும் ஆள் வரவில்லை என்றால், அவர் வேறெங்கோ வாங்குகிறார் என்று அர்த்தம். நம் கடையில் இப்படிச் சலித்தெடுத்தால் 600 பேரில் 140 பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 140 பேருக்கும்கூட ஒரே செய்தி போகக் கூடாது. நோட்டில் பாக்கி உள்ளவர்கள் 12 பேர். அவர்கள் வராததற்குக் காரணம் எண்ணெய் அல்ல, கூச்சம். "உங்களுக்கு ஒரு அன்பளிப்பு" என்று அவர்களுக்குச் செய்தி போனால், பாக்கியை மறைமுகமாகக் கேட்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் நேரில் பேசி, பாக்கியைத் தவணையாகக் கட்டச் சொல்லிப் புது பில் போடுவதுதான் வழி.

இன்னும் எட்டுப் பேர் கடைசியாக வந்தபோது ஏதோ குறை சொல்லிவிட்டுப் போனவர்கள். இவர்களுக்குப் போன்தான் போட வேண்டும். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"அக்கா, செக்குக் கடையிலிருந்து பேசுறேன். ரொம்ப நாளா ஆளையே காணோமே?"

"அதை ஏன் தம்பி கேக்குற, வடை சுட்டா நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. பாக்கெட் எண்ணெய்க்கே போயிட்டோம்."

இந்த அக்காவுக்கு எத்தனை பாட்டில் இலவசமாகக் கொடுத்தாலும் வர மாட்டார். சுத்திகரிக்காத கடலெண்ணெயில் இயற்கையாக உள்ள பிசின் போன்ற பொருளும் மிச்ச ஈரமும்தான் நுரையைக் கிளப்புகின்றன. ஆட்டியவுடன் விற்காமல் சில நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் மண்டியைத் தள்ளிவிட்டுக் கொடுத்தால் நுரை குறையும். "இப்ப ஒரு வாரம் தெளியவிட்டுத்தான் தர்றோம், ஒரு லிட்டர் மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கக்கா" என்று சொல்வதுதான் அவர் திரும்பி வரக் காரணமாகும். அதை உண்மையிலேயே செய்திருந்தால் மட்டும் சொல்ல வேண்டும்.

மீதி 120 பேர். இவர்கள் ஏன் நின்றார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியாது. பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது. ஒரு நாள் கடை பூட்டியிருந்திருக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கையில் கிடைத்ததை எடுத்திருப்பார்கள், அதுவே பழகியிருக்கும். சின்ன ஒரு காரணம் கொடுத்தால் திரும்பக்கூடியவர்கள் இவர்கள்தான்.

அந்தச் சின்னக் காரணம் எதுவாக இருக்கலாம்? 5 லிட்டர் கேன் 1,300 ரூபாய், அதில் கடைக்கு நிற்பது 200 ரூபாய் என்று கணக்குப் போடுவோம். பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் 130 ரூபாய் போய்விடும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது பத்துதான். கடைக்காரருக்கோ லாபத்தில் பாதிக்கு மேல். அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. 1,170 ரூபாய்க்கு ஒருமுறை வாங்கியவருக்கு அடுத்த தடவை 1,300 கொடுக்க மனம் வராது, அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருப்பார். மாதாமாதம் முழு விலை கொடுத்து வாங்கும் பக்கத்து வீட்டார் காதுக்கு இது போனால் அவர்களும் மனம் கோணுவார்கள்.

இதற்குப் பதிலாக, கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் 100 மில்லி பாட்டில் ஒன்று கொடுக்கலாம். பாட்டிலோடு சேர்த்துக் கடைக்கு 40 ரூபாய் அடக்கம் என்று கொண்டால், கேனில் 160 ரூபாய் நிற்கிறது. கடலெண்ணெய் விலையும் அப்படியே இருக்கிறது. இதுவரை கடலெண்ணெய் மட்டுமே வாங்கிய வீட்டில் இட்லிப் பொடிக்கு அந்த நல்லெண்ணெயை ஊற்றிப் பார்ப்பார்கள். கடை விற்கும் இன்னொரு பொருளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும் வேலையையும் அந்தப் பாட்டிலே செய்துவிடுகிறது. சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுவாகத் தடை இருப்பதால், இதையும் முத்திரையிட்டு, தேதி போட்ட லேபிளோடு கொடுப்பதே நல்லது.

இனி செய்தி. என்னைக் கேட்டால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம், மேலத்தெரு செக்கு எண்ணெய்க் கடை. போன ஐப்பசியில் எங்களிடம் 5 லிட்டர் கடலெண்ணெய் வாங்கினீர்கள். இந்நேரம் தீர்ந்திருக்கும். இந்த மாசி முடிவதற்குள் வந்து கேன் வாங்கினால், கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் 100 மில்லி தருகிறோம். எண்ணெயில் ஏதும் குறை இருந்திருந்தால் இதிலேயே சொல்லுங்கள். இனி செய்தி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்பினால் போதும்."

கடையின் பெயர் முதல் வரியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. நம்பரைச் சேமித்து வைக்காதவர் திரையில் வெறும் எண்ணும் முதல் நாலைந்து சொற்களும்தான் தெரியும். அதில் "அன்பான வாடிக்கையாளரே" என்று இருந்தால் திறக்காமலே அழித்துவிடுவார். அவர் என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்பது இரண்டாவது வரி. ஊருக்கெல்லாம் போன அறிவிப்பல்ல, தன் வீட்டுக்கு வந்தது என்று அதைப் படித்ததும் புரிந்துகொள்வார். குறை சொல்லச் சொல்லும் வரியை எடுத்துவிடாதீர்கள். கடைக்கு வராதவர்களிடமிருந்துகூடப் பதில் வருவது அந்த வரியால்தான்.

அனுப்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் கடை நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நின்றுபோனவர்களில் பலர் போனை மாற்றியபோது கடை நம்பரை விட்டிருப்பார்கள். ஒற்றை டிக்கோடு நிற்கும் செய்தியைப் பார்த்து "அவங்களுக்கு விருப்பமில்லை" என்று முடிவுகட்டினால் தப்பு, அது போய்ச் சேரவே இல்லை. எனவே தனித்தனியாக, நாளுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்பலாம். மொத்தமாகத் தள்ளிவிட்டால் தெரியாத நம்பர் என்று பலர் பிளாக் செய்வார்கள், புகார் சேர்ந்தால் வாட்ஸ்அப் கடையின் நம்பரையே முடக்கிவிடும். எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் கடையையும், அனுப்புநர் பெயரையும், செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். 120 பேருக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

பலரும் தவறவிடும் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. 120 பேரில் 90 பேருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, 30 பேருக்கு எதுவும் அனுப்பாமல் நிறுத்தி வைக்க வேண்டும். நம்பிக்கையானவர், நம்பிக்கையில்லாதவர் என்று ஆள் பார்த்துப் பிரிக்கக் கூடாது. பட்டியலை அகர வரிசையில் போட்டு ஒவ்வொரு நாலாவது பெயரையும் எடுத்து வைத்தால் போதும்.

நாலு வாரம் கழிகிறது. செய்தி போன 90 பேரில் 13 பேர் வந்தார்கள் என்று கொள்வோம். செய்தியால் 13 பேர் வந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சந்தோஷப்படுவார். செய்தியே போகாத 30 பேரிலும் 2 பேர் தாமாக வந்திருக்கிறார்கள். அந்த விகிதத்தில் பார்த்தால் 90 பேரில் 6 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். செய்தி கூட்டி வந்தவர்கள் 7 பேர்தான். அவர்களால் நின்ற லாபம் 1,400 ரூபாய். பாட்டில் 13 பேருக்கும் கொடுத்தாயிற்று, செலவு 520. மிச்சம் 880 ரூபாய். பத்து சதவீதத் தள்ளுபடியில் இதே 13 பேர் வந்திருந்தால் செலவு 1,690, கையிலிருந்து 290 ரூபாய் போயிருக்கும்.

இவ்வளவு சின்ன எண்களை ரொம்பவும் நம்பவும் கூடாது. நிறுத்தி வைத்த 30 பேரில் 2 பேருக்குப் பதில் 4 பேர் வந்திருந்தால், செய்தியால் வந்தவர் என்று கணக்கில் நிற்பது ஒரே ஒருவர். ஆகவே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுகட்டாமல், அடுத்த ஆறு மாதத்தில் இன்னொரு முறை இதேபோலச் செய்து இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வராத 77 பேருக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு செய்தி போகலாம், பரிசு எதுவும் சேர்க்காமல். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். "வேண்டாம்" என்று அனுப்பியவர் பெயரை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். தீபாவளி வாழ்த்துகூட அவருக்குப் போகக் கூடாது.

வந்த 13 பேருடைய பெயர்களுக்கு நேராகக் கடைக்காரர் ஒரு தேதியைக் குறித்து வைப்பார். அவரவர் கேன் தீரும் நாள் அது, பெரும்பாலும் சித்திரை நடுவில் வரும். அன்றைக்குப் பாட்டிலும் இல்லாமல் செய்தியும் இல்லாமல் அவர்களில் எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான், மாசியில் கொடுத்த 520 ரூபாயைச் செலவுப் பக்கத்தில் எழுதுவதா வரவுப் பக்கத்தில் எழுதுவதா என்பது அவருக்குத் தெரியும்.