பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது தெரியுமா?

ஒரு பாட்டு முடிகிறது. இரண்டு மூன்று வினாடி மௌனம். அடுத்த பாட்டு தொடங்குகிறது. அந்த மௌனத்தை யாரோ ஒருவர் கடிகாரமும் காதுமாக உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறார் என்று தெரியுமா? 1969 செப்டம்பரில் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘அபே ரோட்’ இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் பக்கத்தில் எட்டுப் பாட்டுகள் ஒன்றோடொன்று கைகோத்து, ஏறத்தாழ 16 நிமிடம் ஒரே மூச்சாக ஓடுகின்றன. அந்தப் பதினாறு நிமிடத்துக்குள் இருக்கும் அதிசயங்களைக் கேளுங்கள்!

தரையில் கிடந்த டேப், 14 வினாடி மௌனம்

அந்தத் தொடரின் நடுவில், ‘மீன் மிஸ்டர் மஸ்டர்ட்’டுக்கும் ‘பாலிதீன் பாம்’முக்கும் இடையில், முதலில் இன்னொரு குட்டிப் பாட்டு இருந்தது தெரியுமா? 23 வினாடியே வரும் ‘ஹெர் மெஜஸ்டி’. ஒட்டிக் கேட்டுப் பார்த்த பால் மெக்கார்ட்னிக்கு அது அங்கே பிடிக்கவில்லை. வெட்டித் தூர எறியச் சொல்லிவிட்டார்.

டேப் இயக்கிய இளைஞர் ஜான் கர்லாண்டருக்கோ, பீட்டில்ஸ் பதிவு எதையும் எறியக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் வெட்டிய துண்டை எடுத்து, தொடர் முடிந்த இடத்துக்கு அப்பால் சிவப்பு லீடர் டேப்பை நீளமாக விட்டு, அதன் பின்னால் ஒட்டி வைத்தார். லீடர் டேப் என்றால் ஒலி பதியாத வெற்று நாடா. மறுநாள் கேட்பதற்காக மாதிரித் தட்டில் பதிந்தவர் அதையும் சேர்த்தே பதிந்துவிட்டார். ‘தி எண்ட்’ முடிந்து, எல்லாம் அடங்கி, திடீரென்று ஒரு பாட்டு! கேட்ட மெக்கார்ட்னிக்குப் பிடித்துப்போனது. அப்படியே இருக்கட்டும் என்றார்கள். தட்டில் அந்த மௌனம் சுமார் 14 வினாடி. முதல் பதிப்பின் அட்டையில் அந்தப் பாட்டின் பெயர்கூட இல்லை!

ஒட்டே போடாமல் ஒட்டிய பாட்டுகள்

இவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடும் தொடரில் எத்தனை ஒட்டு இருக்கும்? நினைப்பதைவிட மிகக் குறைவு! ‘சன் கிங்’கும் ‘மீன் மிஸ்டர் மஸ்டர்ட்’டும் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தவை. ‘பாலிதீன் பாம்’மும் அடுத்து வரும் பாட்டும் அப்படியே. ‘கோல்டன் ஸ்லம்பர்ஸ்’, ‘கேரி தட் வெயிட்’ ஜோடியும் அப்படியே. தாளத்தை விடாமல் கைகள் வாசித்ததுதான் அங்கே இணைப்பு.

உண்மையான சிக்கல் ‘யூ நெவர் கிவ் மி யுவர் மனி’யில் இருந்து ‘சன் கிங்’குக்குப் போகும் இடத்தில்தான். முதலில் ஓர் ஆர்கன் சுரத்தை நீட்டிப் பாலம் கட்டிப் பார்த்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு, மெக்கார்ட்னி வீட்டில் தயாரித்த டேப் சுருள்களைக் கொண்டுவந்தார்கள். மணியோசை, சில்வண்டுச் சத்தம்! முதல் பாட்டு தேய, வண்டுகள் எழ, இரவு கவிவதுபோல் அடுத்த பாட்டு வந்து சேர்கிறது.

பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு ஆகாது

ஒரு பாட்டைத் தேயவிட்டு அதன்மேல் இன்னொன்றை ஏற்றுவதைக் கிராஸ்ஃபேட் என்பார்கள். ஒன்றை நேர்கோட்டில் இறக்கி, மற்றதை நேர்கோட்டில் ஏற்றினால் நடுவில் இரண்டும் பாதிப் பாதி. கூட்டினால் முழுசு வரவேண்டுமே? வராது! சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகளின் அலைகள் நேராகக் கூடுவதில்லை. பாதி என்றால் ஒவ்வொன்றும் 6 டெசிபல் கீழே. இரண்டும் சேர்ந்தும் 3 டெசிபல் பள்ளம் மிஞ்சும். கேட்கும்போது நடுவில் பாட்டு மூச்சை உள்ளிழுத்ததுபோல் இருக்கும்.

அதனால்தான் நடுப்புள்ளியில் ஒவ்வொன்றையும் 0.5-க்குப் பதில் 0.707 அளவில் நிறுத்தும் வளைகோட்டைப் போடுகிறார்கள். பள்ளம் நிரம்பிவிடும். ஆனால் ஒரே ஒலியின் இரண்டு துண்டுகளை ஒட்டும்போது இதே வளைகோடு மேடு தட்டும். அங்கே நேர்கோடுதான் சரி.

இடைவெளியை அளப்பது கால் பெருவிரல்!

எல்லாப் பாட்டுக்கும் நடுவே இரண்டு வினாடி என்று வைத்துவிட்டால் போதாதா? போதாது! முடிந்த பாட்டு நிமிடத்துக்கு 96 அடி என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடி 0.625 வினாடி, நான்கு அடி 2.5 வினாடி. பாட்டு நின்ற பிறகும் கேட்டவர் கால் தாளத்தை விடுவதில்லை. நான்கு அடி கழித்து, விழவேண்டிய இடத்திலேயே அடுத்த பாட்டு விழுந்தால் அது முன்னதன் தொடர்ச்சி. முன்பாட்டின் தாளம் உடலிலிருந்து கரையும்வரை பொறுத்து வந்தால் அது புது அத்தியாயம். இரண்டுக்கும் நடுவே, அடியைக் கொஞ்சம் தவறவிட்டு விழுந்தால்தான் தடுக்கி விழுந்ததுபோல் ஆகும். அதனால் வேலை செய்பவர்கள் முதல் பாட்டின் கடைசி 20 வினாடியிலிருந்து கேட்டு வருவார்கள். வெறும் மௌனத்தை மட்டும் கேட்டால் எந்த நீளமும் சரியாகத்தான் படும்.

இன்னொன்று! ‘அபே ரோட்’டின் முதல் பக்கத்தை முடிக்கும் ‘ஐ வாண்ட் யூ’ தேய்ந்து அடங்குவதில்லை. ஓங்கி ஒலிக்கும்போதே கத்தரியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். அதன்பின் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். அந்த மௌனத்தை நம் கையே உண்டாக்கியது. குறுந்தகட்டில் திருப்ப எதுவும் இல்லை. அந்த வெட்டுக்கும் ‘ஹியர் கம்ஸ் தி சன்’னுக்கும் நடுவில் சில வினாடியே!

மீட்டர் சமம் என்றால் காது சமம் இல்லை

பாட்டுகளின் ஒலி அளவைச் சமப்படுத்த எல்லாவற்றையும் ஒரே எண்ணில் நிறுத்தினால் என்ன ஆகும்? முழுக் குழுவின் முழக்கத்தைவிட ஒற்றைக் கிட்டார் பாட்டு பெரிதாக வந்து நிற்கும்! கைதேர்ந்தவர்கள் பாடகரின் குரலைப் பிடித்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். குரல் அதே தூரத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கவேண்டும். கேட்பவரின் கை ஒலி திருகுக்குப் போகக் கூடாது. அதுதான் சோதனை.

ஒரு கணக்கு போடுவோம். ஒலி உரப்பை அளக்கும் எல்.யு.எஃப்.எஸ். அலகில் ஆரவாரமான பாட்டு −10, மெல்லிய பாட்டு −17 என்று வைத்துக்கொள்வோம். ஒலிபரப்புச் செயலி ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக −14-க்குக் கொண்டுவந்தால் முதலாவது 4 இறங்கும், இரண்டாவது 3 ஏறும். கவனித்துக் கவனித்து வைத்த 7 டெசிபல் வித்தியாசம் காணாமல் போகும்! ஆல்பம் முழுவதையும் ஒன்றாக எண்ணி ஒரே அளவு ஏற்றி இறக்கினால்தான் அது தப்பிக்கும்.

26 மில்லிவினாடித் திருடன்

எம்பி3 கோப்பு ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகவே நிரப்பும். குறுந்தகட்டு வேகத்தில் ஒரு கட்டம் 26 மில்லிவினாடி. கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் வெற்று மௌனம் போட்டு அடைக்கும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். தனிப் பாட்டில் யாருக்கும் தெரியாது. வண்டுச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டு எண் மாறினால், அங்கே ‘டக்’கென்று ஒரு விக்கல்! கோப்பில் எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்று குறித்துவைத்து, இயக்கும் கருவி அதைக் கழித்தால்தான் விக்கல் போகும். ஐபாட் கருவிக்கே அந்த வசதி 2006-இல்தான் வந்தது.

அந்த முதல் அடி யாருடையது?

இப்போது ‘ஹெர் மெஜஸ்டி’யை மறுபடி கேளுங்கள். தொடங்கும்போது ‘ஜாங்’ என்று ஒரு பேரொலி. அது இந்தப் பாட்டுடையதே இல்லை! ‘மீன் மிஸ்டர் மஸ்டர்ட்’டின் கடைசி முழக்கம், வெட்டும்போது துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டின் முடிவில் வரவேண்டிய கடைசிச் சுரமோ இல்லை. அது வெட்டின் மறுபக்கத்தில் தங்கிவிட்டது.

2019-இல், ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில், 1969 ஜூலையில் ஒட்டிய அந்தப் பழைய தொடரையும் வெளியிட்டார்கள். அதில் ‘ஹெர் மெஜஸ்டி’ தன் பழைய இடத்தில், இரு பாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த ‘ஜாங்’ முன்பாட்டின் முடிவாக ஒலிப்பதை அங்கே கேட்கலாம். பிறகு தட்டில் உள்ளதைக் கேளுங்கள். 14 வினாடி காத்திருந்தபின் அதே ‘ஜாங்’ நம்மைத் தூக்கிவாரிப் போடும்!