வரி போக வட்டியில் மிஞ்சுவது என்ன?

ஃபிக்சட் டெபாசிட்டுக்கு வங்கி 7 சதவீதம் வட்டி தருகிறது, பணவீக்கம் 5 சதவீதம், ஆகவே ஆண்டுக்கு 2 சதவீதம் லாபம் என்பது நண்பர்களுக்குள் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. வட்டிக்கு வரியே கட்ட வேண்டாதவருக்கு இது ஏறத்தாழ சரி. வரி கட்டுகிறவருக்கு இதில் ஒரு படி விடுபட்டிருக்கிறது.

இந்தியாவில் டெபாசிட் வட்டி, 'பிற வழி வருமானம்' என்ற தலைப்பில் சம்பளம் முதலான மற்ற வருமானத்தோடு சேர்க்கப்பட்டு, அவரவர் வரி அடுக்கின்படி வரிக்கு உள்ளாகிறது. 30 சதவீத அடுக்கில் இருப்பவர், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, வட்டியில் 31.2 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட ஒருவர் 5 லட்சம் ரூபாயை ஓராண்டுக்குப் போடுகிறார் என்று கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிட்டால் 7 சதவீதத்துக்கு 35,000 ரூபாய் வரும். அதில் வரி 10,920 ரூபாய். மீதி 24,080 ரூபாயைச் சேர்த்தால் ஆண்டு முடிவில் அவர் கையில் 5,24,080 ரூபாய் இருக்கும். ஆனால் ஆண்டு தொடக்கத்தில் 5 லட்சத்துக்குக் கிடைத்த பொருள்களை வாங்க இப்போது 5,25,000 ரூபாய் தேவை. பணம் கூடியிருக்கிறது; வாங்கும் சக்தியோ 920 ரூபாய் அளவுக்குக் குறைந்திருக்கிறது.

இப்படி ஆவதற்குக் காரணம், வட்டி முழுவதுக்கும் வரி விதிக்கப்படுவதே. 35,000 ரூபாயில் 25,000 ரூபாய் உண்மையில் வருமானம் அல்ல. விலை ஏறியதால் முதலில் ஏற்பட்ட தேய்மானத்தை அது ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். மெய்யான ஆதாயம் 10,000 ரூபாய். வரிச் சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் 10,000 ரூபாய் ஆதாயத்துக்கு 10,920 ரூபாய் வரி போகிறது.

வட்டிக்கும் பணவீக்கத்துக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்ப்பது ஏன் போதாது என்பதும் இதிலிருந்தே விளங்கும். வட்டி 5, பணவீக்கம் 3 என்றால் இடைவெளி அதே 2 சதவீதம். வரி போக 3.44 சதவீதம் நிற்கும். முதல் சிறிது வளரும். வட்டி 9, பணவீக்கம் 7 என்றாலும் இடைவெளி மாறவில்லை. ஆனால் வரி போக நிற்பது 6.19 சதவீதம்; முதல் தேயும். விலைவாசி வேகமாக ஏறும் காலத்தில் வட்டி விகிதம் உயர்வது ஆறுதலாகத் தோன்றினாலும், அந்த உயர்விலும் வரி தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

வரி அடுக்கு மாறினால் விடையும் மாறும். அதே 7 சதவீத வட்டியும் 5 சதவீதப் பணவீக்கமும் இருக்க, 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி போக 5.54 சதவீதம் கிடைக்கும். உண்மை ஆதாயம் அரை சதவீதம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில், சம்பளம், வட்டி போன்ற வருமானங்கள் எல்லாம் சேர்ந்து 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்குத் தள்ளுபடியால் வரி இல்லை. அவருக்கு ஏறக்குறைய 1.9 சதவீதம் முழுதாக மிஞ்சும்.

இந்த வரி பலர் கண்ணில் படாமல் போவதற்கு டிடிஎஸ் ஒரு காரணம். 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி 10 சதவீதம் பிடிக்கிறது; மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். மேலே சொன்னவருக்கு அந்த வங்கியில் வேறு டெபாசிட் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடப் பிடிபடாது. அதனால் வரி இல்லை என்று ஆகிவிடாது. பிடித்திருந்தாலும் 10 சதவீதம் போக மீதியை அவரே கட்ட வேண்டும். வட்டியை முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட்டிலும், பணம் கைக்கு வராத நிலையில், ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிக்கிறது.

முதல் தேயாமல் இருக்க எவ்வளவு வட்டி வேண்டும் என்பதை எளிதில் கணிக்கலாம். நூறு ரூபாய் வட்டியில் வரி போக எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, பணவீக்க விகிதத்தை அந்தப் பங்கால் வகுக்க வேண்டும். 30 சதவீத அடுக்கில் நிற்பது 68.8 ரூபாய், அதாவது 0.688 பங்கு. பணவீக்கம் 5 என்றால் 7.27 சதவீதம் வட்டி வந்தால்தான் முதல் முதலாகவே இருக்கும். 20 சதவீத அடுக்கில் இது 6.31 சதவீதம், வரி இல்லாதவருக்கு 5 சதவீதமே போதும். வங்கி தரும் வட்டி இந்த எல்லையை எவ்வளவு தாண்டுகிறதோ, அதில் வரி போக நிற்பதே உண்மை ஆதாயம்.

இதில் போடும் பணவீக்க எண்ணையும் கவனித்துத் தேர்வது நல்லது. அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு பல குடும்பங்களின் சராசரி. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பெரும்பங்கு எடுக்கும் வீட்டில், சொந்தச் செலவு அந்தச் சராசரியைவிட வேகமாக ஏறக்கூடும். அங்கே டெபாசிட் தாண்ட வேண்டிய எல்லையும் அதற்கேற்ப உயரும்.