காலை ரிப்போர்ட்டில் தெரியாத சர்க்கரை

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமான, 46 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 96. ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் சாயங்காலமானால் அவருக்கு நாக்கு வறள்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறார். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 238!

இரண்டு எண்ணும் சரிதான். புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் காலையில் போடும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, மதியத்திலிருந்து சர்க்கரையை ஏற்றும். இரவில் அதன் வேகம் அடங்கி, விடிவதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். கூடச் சாப்பிடும் டாக்ரோலிமஸ், கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். முன்பு சர்க்கரை நோயே இல்லாதவருக்கும் இப்படி வரலாம். மூன்று மாதச் சராசரி சொல்லும் பரிசோதனையும் ஆரம்ப மாதங்களில் ஏமாற்றும். ரத்தசோகையும், ரத்தம் ஏற்றியதும் அந்த எண்ணை மாற்றிவிடும். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்குப் பயந்து ஸ்டீராய்டைத் தானாக நிறுத்தவே கூடாது, சிறுநீரகமே போய்விடலாம்.

இதே மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் பிகே வைரஸும் தலைதூக்கும். பெரும்பாலோர் உடலில் சிறுவயதிலேயே புகுந்து சும்மா கிடக்கும் வைரஸ் இது. பெரும்பாலும் காய்ச்சலும் இருக்காது, வலியும் இருக்காது. கிரியேட்டினின் மட்டும் 1.2இலிருந்து 1.7க்கு ஏறலாம். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும்போதும் இப்படித்தான் ஏறும். ஆனால் வைத்தியம் நேர் எதிர்: நிராகரிப்பு என்றால் மருந்தைக் கூட்டுவார்கள், வைரஸ் என்றால் குறைப்பார்கள். எது என்று தெரிய, ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பயாப்சியும் செய்வார்கள். கிரியேட்டினின் ஏறும் முன்பே பிடிக்கத்தான் ஆரம்ப மாதங்களில் மாதந்தோறும் இந்த ரத்தப் பரிசோதனை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அதைத் தவறவிடக் கூடாது.

வருடங்கள் போகப்போகத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வெளுத்த தோலுள்ளவர்களுக்கு வெயில் படும் முகத்திலும் கையிலும் அதிகம் வரும். கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்கு வெயிலே படாத பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய இடங்களிலும் வரலாம். அதனால் குடையும் முழுக்கைச் சட்டையும் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை குளித்தபின் கண்ணாடி வைத்து, உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஆறாத புண், தடித்துக்கொண்டே போகும் மரு, தொட்டால் ரத்தம் கசியும் இடம் எதுவானாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூச்சத்தில் மறைக்கும் இடத்தில்தான் நோய் கண்ணுக்குப் படாமல் வளரும்.

அந்த 46 வயதுக்காரரின் நோட்டில் இப்போது காலைச் சர்க்கரைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: மதியம் மூன்று மணி.