கோப்பு வந்து விழுந்ததும் கணக்கு ஒத்துப் பார்க்க

ஈரோட்டில் மஞ்சள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு மண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கியில் ₹4,82,350 இருப்பதாக மண்டியின் டேலி சொல்கிறது. வங்கி ஸ்டேட்மெண்டோ ₹5,10,232 என்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மண்டி கொடுத்த ₹32,000 செக்கை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை. மண்டிக்கு வந்த ₹4,000 செக்கைப் போட்டாயிற்று, பணம் இன்னும் சேரவில்லை. வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் 100 ரூபாயும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும், ஆக ₹118, டேலியில் ஏறவில்லை. 4,82,350உடன் 32,000 கூட்டி, 4,000ஐயும் 118ஐயும் கழித்தால் 5,10,232 வந்துவிடுகிறது. இப்படி இரண்டு தொகைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை வரிவரியாகக் கணக்குச் சொல்லும் பட்டியலைத்தான் கணக்கர்கள் பிஆர்எஸ் என்கிறார்கள்.

இதைக் கணினி போட்டுக்கொடுப்பது புதிதல்ல. நெட்பேங்கிங்கில் இறக்கிய கோப்பைக் கொடுத்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஆனால் அந்தப் பட்டனை அழுத்த வேலை நெருக்கடியில் மறந்துபோகிறது. மாதக் கடைசியில் முப்பது நாள் பாக்கியும் சேர்ந்து நிற்கிறது. அதனால் கோப்பு ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் வந்து விழுந்தாலே அறிக்கை தானாகத் தயாராகும்படி செய்துவிடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. செய்யலாம். பைத்தான் மொழியில் `watchdog` என்றொரு இலவச நூலகம் உண்டு. ஃபோல்டரில் எது நடந்தாலும் விண்டோஸ் கொடுக்கும் தகவலை வாங்கி, நம் நிரலை அது எழுப்பிவிடும். பத்துப் பதினைந்து வரியில் வேலை முடிந்ததுபோல் இருக்கும். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

கோப்பு பிறந்ததும் கோப்பு முழுமையடைந்ததும் ஒன்றல்ல. குரோம் ஒரு கோப்பை இறக்கும்போது முதலில் `.crdownload` என்று முடியும் தற்காலிகப் பெயரில் எழுதுகிறது. முழுதும் வந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றுகிறது. புதுக்கோப்பு பிறந்ததா என்று மட்டும் காத்திருக்கும் நிரலின் கண்ணில் படுவது இந்த அரைகுறைக் கோப்புதான். பெயர் மாறுவது தனி நிகழ்வு, அதற்கும் சேர்த்துக் காது கொடுக்க வேண்டும். பென்டிரைவிலிருந்தோ பக்கத்து மேசைக் கணினியிலிருந்தோ காப்பி செய்தால் இன்னும் மோசம். பெயர் ஆரம்பத்திலேயே சரியாக இருக்கும், உள்ளே வரிகள் வந்துகொண்டிருக்கும். 140 வரிக் கோப்பில் 60 வரியைப் படித்துவிட்டு நிரல் அறிக்கை போட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, தப்பான அறிக்கை அழகாக அச்சாகி வரும். ஒரேயடியாக நின்றுபோகும் நிரலைவிட இதுதான் ஆபத்து.

கோப்பின் அளவு சில விநாடிகள் மாறாமல் இருந்தால் முடிந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம் எனச் சிலர் சொல்வார்கள். விண்டோஸில் இதை முழுதாக நம்ப முடியாது, காப்பி தொடங்கும்போதே மொத்த அளவையும் ஒதுக்கிவிடுவது உண்டு. இதைவிட நல்ல வழி, கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திப் பார்ப்பது. வேறொரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நகர்த்தப் பொதுவாக விண்டோஸ் விடாது. நகர்ந்ததென்றால் எழுதி முடித்தாயிற்று.

```python
from pathlib import Path

inbox = Path(r"D:\bank\inbox")
work = Path(r"D:\bank\work")

for f in inbox.glob("*.csv"):
    try:
        g = f.rename(work / f.name)
    except OSError:
        continue      # இன்னும் தயாரில்லை
    make_report(g)
```

`make_report` என்பது அறிக்கை போடும் நிரல். வேலை முடிந்ததும் அது கோப்பைத் தேதியோடு `done` ஃபோல்டருக்கு அனுப்பிவிட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கோப்பு `work`இலேயே தங்கிவிடும். அங்கே ஒரு கோப்பு கிடக்கிறது என்றாலே அன்றைய அறிக்கை முடியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். லினக்ஸில் திறந்திருக்கும் கோப்பையும் நகர்த்த முடியும், ஆகவே இந்த உத்தி அங்கே செல்லாது.

மேலே உள்ள நிரலில் `watchdog` இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டதுதான். கணினி அணைந்திருந்தபோதோ நிரல் ஓடாதபோதோ வந்த கோப்புக்கு, மறுநாள் காலையில் எந்த நிகழ்வும் எழாது. அது ஏற்கெனவே அங்கே இருக்கும் கோப்பு. சர்வரில் உள்ள பொது ஃபோல்டராக இருந்தால் தகவல் வராமலே போவதும் உண்டு. நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பு வரும் இடத்தில் நொடிக்கணக்கு அவசரம் எதற்கு? விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த நிரலை ஓடவிட்டால், பழையதோ புதியதோ, கிடப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் மண்டிக்கு இதுவே போதும்.

அடுத்தது, ஒரே வரி இரண்டு முறை வருவது. திங்களன்று 1 முதல் 5ஆம் தேதி வரை இறக்கியவர், வியாழனன்று 4 முதல் 8 வரை இறக்குவார். 4, 5 தேதி வரிகள் இரண்டு கோப்பிலும் இருக்கும். கோப்பின் பெயரைப் பார்த்தோ, கோப்பு முழுதையும் ஒப்பிட்டோ இதைப் பிடிக்க முடியாது. வரிவரியாகத்தான் பார்க்க வேண்டும். தேதி, தொகை, வங்கியின் குறிப்பு எண் மூன்றும் ஒத்தால் பழைய வரி என்று விட்டுவிடலாமா? கூடாது. ஒரே நாளில் ₹118 கட்டணம் இரண்டு முறை பிடித்திருந்தால், குறிப்பு எண்ணும் இல்லாதபோது, நிஜமான இரண்டாவது பிடித்தம் காணாமல் போய்விடும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வங்கி எழுதும் மீதித் தொகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். முதல் பிடித்தத்துக்குப் பின் ₹5,10,350 என்றிருந்தால் இரண்டாவதற்குப் பின் ₹5,10,232 என்றிருக்கும். இரண்டும் வேறு வரிகள் என்பது தெளிவாகிவிடும்.

அதே மீதித் தொகைதான் முழுக் கோப்புக்கும் காவல். ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, பற்றைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். முந்தைய கோப்புக்கும் இதற்கும் நடுவே நாள் விட்டுப்போகவும் கூடாது. ஒரு ரூபாய் இடித்தாலும் அறிக்கை போடாமல் கோப்பைத் தனியே ஒதுக்கிவைத்து ஆளைக் கூப்பிடுவதே சரி. ஆனால் எண்கள் ஒத்தும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. யாராவது ‘சும்மா பார்க்க’ என்று சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டால், யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண் `4.12E+11` என்று சுருங்கிவிடும். தொகையெல்லாம் சரியாக இருக்கும். எந்த வரவு யாருடையது என்று பொருத்தத்தான் முடியாது. குறிப்பு எண் பத்தியில் `E+` தென்பட்டால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பும்படி நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கோப்பே வராத நாளை மட்டும் இந்த ஏற்பாடு தானாகக் கண்டுகொள்ளாது. அதற்கென்று காலை பதினொரு மணிக்கு ஓடும் தனி நிரல் ஒன்று வேண்டும். `done`இல் அன்றைய கோப்பு இல்லையென்றால் அது கணக்கருக்கு ஒரு மெயில் அனுப்பட்டும். ஞாயிறு, வங்கி விடுமுறை என்று அதற்கு விலக்குக் கொடுக்காதீர்கள். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது.

தொடங்குமுன் போன மாதக் கோப்புகளை ஒவ்வொன்றாக `inbox`இல் போட்டு, கையால் எழுதிய பிஆர்எஸ்ஸோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லாமல் வந்தால் மட்டும் இந்த மாதக் கணக்கை அதனிடம் விடுங்கள். அப்போதும் அந்த ₹118ஐ டேலியில் ஏற்றும் வேலை கணக்கரிடமே இருக்கட்டும்.