மதிய வெயில் ராத்திரி இறங்கும் வீடு

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சுவர் முழு உயரத்துக்கு எழும்பி, வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது ஒரு சின்ன வீடு. இருபதுக்குப் பதினெட்டு அடி, மொத்தம் 360 சதுர அடி. இரண்டு வாரமாக வேலை நின்றிருக்கிறது. கையில் பணம் இருக்கிறது. மேலே என்ன போடுவது என்பதில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்பாவுக்கு ஓடு வேண்டும். பிறந்து வளர்ந்தது ஓட்டு வீட்டில். மகளுக்குத் தளம் வேண்டும். உளுந்து காயவைக்க மொட்டைமாடி வேண்டும், தம்பிக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஓர் அறை எடுக்கலாம் என்பது அவள் கணக்கு.

"இப்ப இருக்கிற வாடகை வீடும் தளம் போட்டதுதான் பாப்பா. சித்திரை மாசம் ராத்திரி ஒம்பது மணிக்கு மாடியில செருப்பில்லாம நின்னு பாரு."

அவர் சொல்வதில் தப்பில்லை. கான்கிரீட் கனமானது; கனமான பொருள் மெதுவாகச் சுடும், மெதுவாகத்தான் ஆறும். உச்சி வெயிலில் மேல்பரப்பு வாங்கிய சூடு, ஐந்து அங்குலக் கனத்தைக் கடந்து உள்ளே வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. வெளியே காற்று குளிர்ந்து, வீட்டில் எல்லோரும் பாயை விரிக்கிற நேரத்தில்தான் தளம் கீழ்நோக்கிச் சூட்டை இறக்கத் தொடங்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பும்.

ஓடு அப்படியில்லை. அது மெலிசு, வெயில் ஏறும்போது சட்டென்று சுடும், பொழுது சாய்ந்ததும் சட்டென்று ஆறிவிடும். முகட்டை நோக்கி ஏறும் சூடான காற்று ஓடுகளின் இடுக்கு வழியே வெளியேறிவிடும்.

ஓட்டை விட மலிவு என்று தகரத்தையும் ஒருவர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பேச்சு அப்பாவிடம் எடுபடவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியபோது தகரங்கள் பறந்ததைப் பார்த்தவர் அவர். பெருங்காற்று கூரையைக் கீழே அழுத்துவதைக் காட்டிலும் மேலே உறிஞ்சி இழுக்கத்தான் செய்யும். தாழ்வாரத்துக்கு அடியில் புகும் காற்றும் சேர்ந்து தூக்கும்போது, எடையில்லாத தகடு கொக்கியின் பிடியில் மட்டுமே நிற்கிறது. ஆஸ்பெஸ்டாஸை மகளே வேண்டாம் என்றுவிட்டாள். அதை அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கும். அதன் எல்லா வகையும் புற்றுநோய் தருபவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மிஞ்சியது ஓடா, தளமா என்பதுதான்.

எடையைப் போட்டுப் பார்த்தார்கள். 360 சதுர அடிக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் 150 கன அடி கான்கிரீட். எடை பத்து டன்னுக்கு மேல். அதே வீட்டுக்கு நாலு பக்கமும் இரண்டடி தாழ்வாரம் விட்டு மங்களூர் ஓடு வேய்ந்தால் சுமார் 850 ஓடுகள். மரத்தைச் சேர்க்காமல் இரண்டு டன் அளவுக்குத்தான் வரும். ஆனால் அதைத் தாங்கச் சட்டமும் ரீப்பரும் வேண்டும், கரையான் பார்க்க வேண்டும். மூன்றடிக்கு ஒன்றரை அடியாவது சரிவு ஏறாவிட்டால் ஐப்பசி மழைச் சாரல் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். குரங்கு நடந்து ஓடு விலகினால் மாற்றிவைக்க ஆள் தேட வேண்டும். பழைய தலைமுறை ஓடு வேய்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

"ஓட்டையும் தளத்தையும் ஒண்ணாப் போட முடியாதாப்பா?" என்று மகள் கேட்டது விளையாட்டாக அல்ல. அவள் வேலை பார்க்கும் ஊரில் ஒரு வீட்டின் உட்கூரையில் வரிசை வரிசையாக ஓடு பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். அதன் பெயர் ஃபில்லர் ஸ்லாப். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்தில் சிக்கன வீடுகளுக்கு இதைப் பரவலாக்கினார்.

இதன் சூட்சுமம் வாய்க்கால் மேல் போட்ட பலகையில் இருக்கிறது. ஆள் நடுவில் நின்றால் பலகை வளைகிறது. அதன் மேல்பக்கம் நெருக்குண்டு அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. தளத்திலும் இதுவேதான் நடக்கிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவைக்கு வெடித்துவிடும். அதனால்தான் அடியில் கம்பி கட்டுகிறோம். இழுவையை வாங்குவது கம்பி. கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் போக, அடிப்பாதியில் மற்ற இடத்தில் இருப்பது வெறும் சுமை. அங்கே கான்கிரீட்டை எடுத்துவிட்டு ஓட்டை வைத்தால் பலம் குறையாது. கான்கிரீட் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சப்படும். இந்த வீட்டுக்கு ஏறக்குறைய 30 கன அடி. இரண்டு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து நடுவில் காற்று அடைபட வைத்தால், சூடு இறங்குவதும் கொஞ்சம் தடைபடும்.

கொஞ்சம்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்பி ஓடும் இடமெல்லாம் முழுக் கான்கிரீட். சூடு அந்த வழியே வரத்தான் செய்யும். ஃபில்லர் ஸ்லாப் போட்டால் வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சூட்டை மேலேயே திருப்பி அனுப்புவதுதான் பெரிய வேலை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது பழைய வழி. வெள்ளை கூலிங் டைல்ஸ் இப்போதைய வழி. இரண்டுக்கும் வசதியில்லையென்றால், ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே இரவில் வித்தியாசம் தெரியும்.

மேஸ்திரி முதலில் தயங்கினார். "ஓடு வச்சா தளம் நிக்குமாய்யா?" நிற்கும், முறையாகச் செய்தால். எந்த அறைக்கு எத்தனை கம்பி, எங்கே ஓடு என்பதைப் பொறியாளர் ஒருவர் வரைந்து தர வேண்டும். மேலே அறை கட்டுகிற எண்ணத்தை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சுவரை ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது. அங்கே தளம் முழுக் கான்கிரீட்டாகவே இருக்க வேண்டும். வெளியே நீட்டும் சன்ஷேடிலும் வைக்கக் கூடாது, அங்கே இழுவை மேல்பக்கம் வருகிறது. ஓட்டுக்கு மேல் இரண்டு அங்குலமாவது கான்கிரீட் நிற்க வேண்டும்.

அப்பாவின் பழைய அனுபவம் கைகொடுத்தது ஓடு பொறுக்குகிற இடத்தில். இடித்த வீடுகளிலிருந்து வந்த ஓடுகளை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். கணீரென்றால் ஒரு பக்கம், பொத்தென்றால் இன்னொரு பக்கம். பொத்தென்று ஒலிப்பதில் விரிசல் இருக்கும். மகள் தேர்ந்த ஓடுகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டாள். ஊறாத ஓடு கான்கிரீட்டில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிவிடும், ஓட்டைச் சுற்றிப் பிடிப்பு விட்டுப்போகும்.

ஓடோ தளமோ, வீடு கெடுவது பெரும்பாலும் கம்பியில்தான். கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகையில் படுத்துக் கிடந்தால், சில வருஷத்தில் துருப்பிடித்து ஊதி, உட்கூரைக் காரை பெயர்ந்து விழும். கடற்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முதலில் கூரையில் கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்புக் கறையும் மெல்லிய வெடிப்பும் தெரியும்.

கடைசியில் கூடத்துக்கும் அறைக்கும் ஃபில்லர் ஸ்லாப், முன்திண்ணைக்கு மட்டும் சரிவான ஓடு என்று முடிவானது. மேலே கட்டும் எண்ணமே இல்லாதவர்களுக்கும், வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் நல்ல ஓட்டுக் கூரைதான் இன்றைக்கும் தூங்கச் சுகமானது. அதில் அப்பா சொன்னதே சரி.

தளம் போடுகிறவர்கள், கான்கிரீட் ஊற்றுகிற அன்று வீட்டில் ஒருவராவது கூடவே நில்லுங்கள். ஓட்டின் மேல் ஆள் மிதிக்காமல் பலகை போட்டிருக்கிறதா, கவர் பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பதினாலு நாளாவது வற்றாமல் வையுங்கள்.