கான்கிரீட்டின் கார்பன் கணக்கு

"சிமென்ட்டில் பாதியை மாற்றிவிட்டோம், அதனால் கார்பனும் பாதியாகக் குறைந்துவிட்டது." கட்டட உரிமையாளர்களுக்குப் போகும் அறிக்கைகளில் இப்படிப்பட்ட வரிகள் இப்போது அடிக்கடி வருகின்றன. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்பது 2022-23 நிதியாண்டிலிருந்து செபியின் விதி. அந்த நிறுவனங்கள் கட்டடம் கட்டும்போது, கான்கிரீட்டில் எவ்வளவு கார்பன் என்ற கேள்வி ஒப்பந்ததாரரிடம் வருகிறது. மேலே சொன்ன வரி நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் கணக்கு அப்படி வருவதில்லை.

சிமென்ட்டின் முக்கியப் பொருள் கிளிங்கர். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டு அதைச் செய்கிறார்கள். இதில் வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல. கல்லுக்குள்ளிருந்தே பிரிந்து வருவது. உலையை எவ்வளவு சிக்கனமாக்கினாலும் அந்தப் பங்கு குறையாது. ஆகவே கிளிங்கரின் அளவையே குறைப்பதுதான் வழி. அனல் மின்நிலையத்தின் உலர் சாம்பல், இரும்பு ஆலைக் கசடை அரைத்த தூள் ஆகிய இரண்டும் அதற்குத்தான் பயன்படுகின்றன.

400 கன மீட்டர் கான்கிரீட் கொள்ளும் ஓர் அடித்தளத்தை எடுத்துக்கொள்வோம். தரம் எம் 30. தோராயமாக, ஒரு கிலோ சாதாரண சிமென்ட்டுக்கு 0.9 கிலோ கார்பன், கசடுத் தூளுக்கு 0.08 கிலோ, உலர் சாம்பலுக்கு 0.01 கிலோ. ஜல்லி, மணல், ரசாயனக் கலவை, ஆலை இயக்கம், கான்கிரீட்டை இடத்துக்குக் கொண்டுவருவது எல்லாவற்றுக்கும் சேர்த்து கன மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கலவையில் 380 கிலோ சிமென்ட் மட்டும். ஒரு கன மீட்டருக்கு 372 கிலோ கார்பன் வரும்.

இரண்டாவதில் 30 சதவீதம் சாம்பல். சாம்பல் மெதுவாகவே வலுப்பெறும். அதே 28 நாள் வலிமை வேண்டுமென்றால் மொத்தத் தூளை 400 கிலோவாக உயர்த்த வேண்டியிருக்கும். அதில் 280 கிலோ சிமென்ட். கார்பன் 283 கிலோ. சிமென்ட்டுக்குப் பதிலாகச் சேர்த்தது 30 சதவீதம் என்றாலும் குறைந்தது 24 சதவீதம்தான்.

மூன்றாவதில் பாதி சிமென்ட், பாதி கசடு. கசடு 500 கிலோமீட்டர் தூரத்திலிருந்து லாரியில் வருவதாகக் கொண்டு, அதற்கு 10 கிலோ சேர்த்தால் 226 கிலோ. குறைந்தது 39 சதவீதம். மொத்த அடித்தளத்துக்கு ஏறத்தாழ 58 டன் மிச்சம். பாதியாகவில்லை என்றாலும் நல்ல லாபமே.

கணக்கு பிசகும் இடங்கள் இரண்டு. முதலாவது, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. நம் கடைகளில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே சாம்பல் கலந்த பி.பி.சி; இந்தியத் தரநிலைப்படி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம். வழக்கமாகவே பி.பி.சி போட்டிருக்கக்கூடிய வேலையை, கலப்பில்லாத சிமென்ட்டோடு ஒப்பிட்டால் சேமிப்பு ஊதிப் பெருகித் தெரியும். வேறு தரக் கான்கிரீட்டோடு ஒப்பிடுவதும் இதே தவறுதான்.

இரண்டாவது, தளத்தில் நடப்பது. கசடும் சாம்பலும் கலந்த கான்கிரீட் முதல் சில நாட்களில் வலு குறைவாக இருக்கும். மாடித் தளத்தில் சென்ட்ரிங் சீக்கிரம் பிரிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஆலையில் சிமென்ட்டைக் கூட்டிவிடுவார்கள். வடிவமைப்புக் காகிதத்தில் ஒன்று, லாரியில் வேறொன்று. இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு லோடுக்கும் ஆலை அச்சிடும் பேட்ச் ஷீட்டைப் பார்த்தாலே போதும். உண்மையில் எவ்வளவு சிமென்ட் விழுந்தது என்பது அதில் இருக்கும். அவசரமில்லாத அடித்தளத்துக்கு வலிமையை 56 நாளில் சோதிக்கலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், கூடுதல் சிமென்ட்டே தேவைப்படாது. கனமான அடித்தளத்தில் கசடு வெப்பத்தையும் மட்டுப்படுத்தும் என்பது கூடுதல் நன்மை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கசடு இரும்பு ஆலையின் துணைப்பொருள். நாம் கேட்பதால் அதன் உற்பத்தி கூடிவிடாது. கிடைக்கும் தரமான கசடில் பெரும்பகுதி ஏற்கெனவே எங்காவது பயன்படுகிறது. ஒரு கட்டடத்தின் சேமிப்பு அந்தக் கட்டடத்தின் கணக்கில் உண்மைதான். உலகத்தின் மொத்தக் கார்பன் அதே அளவு குறைந்தது என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆகவே அறிக்கை கேட்கும் உரிமையாளர் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அதே தரத்தில் வழக்கமாகப் போட்டிருக்கக்கூடிய கலவை எது, சிமென்ட் ஆலையின் சரிபார்க்கப்பட்ட சுற்றுச்சூழல் அறிவிப்பு என்ன சொல்கிறது, உண்மையான பேட்ச் ஷீட்டுகள் எங்கே. இம்மூன்றும் இல்லாத சதவீதத்தை அறிக்கையில் அச்சிடாதீர்கள்.