ஒரு வால்நட்சத்திரமும் 27,937 நாள்களும்

1682 செப்டம்பரில் ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை மிக நெருங்கிய நாள் எது? பாரிசில் கேட்டால் 15-ஆம் தேதி. அதே நாள் லண்டனில் 5-ஆம் தேதி. இரண்டு ஊரிலும் சூரியன் ஒரே நாளில்தான் உதித்தது, கிழமையும் இரண்டு ஊரிலும் செவ்வாய்தான். தேதி மட்டும் பத்து நாள் தள்ளி நின்றது.

காரணம் தெரிந்ததே. ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் மிகைநாள் சேர்த்து வந்தது. அதனால் அது சூரியனின் ஆண்டைவிடச் சற்று நீண்டு, பருவங்களிலிருந்து மெல்ல விலகியது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்றானது. கத்தோலிக்க நாடுகள் பல சீக்கிரம் ஏற்றன. இங்கிலாந்து 1752 வரை பழையதையே வைத்திருந்தது. அதற்குள் 1700-ஆம் ஆண்டும் வந்து போனதால் இடைவெளி பதினொரு நாளாகிவிட்டது.

வரலாறு படிப்பவருக்கு இது ஒரு அடிக்குறிப்பு. வானியலருக்கு அப்படியல்ல, ஏனென்றால் அவர் கணக்குக்கு வேண்டியது இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே எத்தனை நாள் சென்றன என்பது. தேதியைப் பார்த்து அதை நேரே சொல்ல முடியாது. மாதங்களின் நீளம் வேறு வேறு, மிகைநாள் விதி நாட்டுக்கு நாடு வேறு. போதாக்குறைக்கு, அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டே மார்ச் 25-இல்தான் தொடங்கியது.

எட்மண்ட் ஹாலி 1705-இல் வெளியிட்ட வால்நட்சத்திர ஆய்வு இந்தச் சிக்கலின் நடுவில்தான் பிறந்தது. 1531-இல் ஜெர்மனியின் பேத்ரஸ் அப்பியான் எழுதிவைத்த குறிப்புகள் பழைய நாட்காட்டியில் இருந்தன. 1607-இல் பிராகாவில் கெப்ளர் பார்த்தபோது அங்கே புதிய நாட்காட்டி. 1682-இல் ஹாலி இருந்த இங்கிலாந்தில் மறுபடியும் பழையது. மூன்றும் ஒரே வால்நட்சத்திரம் என்று அவர் சொன்னார். ஆனால் இடைவெளிகள் சமமாக இல்லையே என்ற கேள்வி அவரையும் உறுத்தியது. வியாழனின் ஈர்ப்பு பாதையைக் குலைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய பதில்.

அந்த இடைவெளிகளை இன்று வானியலர் எப்படிக் கணக்கிடுவார்? ஆண்டையும் மாதத்தையும் மறந்துவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவார். ஒரு நாளில் தொடங்கி நிறுத்தாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வருவது. இதற்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர். தொடக்கம் கிமு 4713, ஜனவரி 1, கிரீன்விச் நண்பகல்.

அந்த ஆண்டில் எதுவும் நடந்ததாக நினைக்க வேண்டாம். 1583-இல் ஜோசப் ஸ்கேலிஜர் என்ற அறிஞர், ஐரோப்பிய ஆவணங்களில் வழங்கிய மூன்று ஆண்டுச் சுழற்சிகளை ஒன்றாகக் கட்டினார். கிழமைகள் திரும்ப 28 ஆண்டு, நிலவின் பிறைகள் திரும்ப 19 ஆண்டு, ரோமானிய வரிச்சுழற்சி 15 ஆண்டு. மூன்றையும் பெருக்கினால் 7,980 ஆண்டு. மூன்றும் ஒன்றாகத் தொடங்கும் ஆண்டைப் பின்னோக்கித் தேடினால் கிமு 4713 வருகிறது. தெரிந்த வரலாறு அனைத்துக்கும் முந்தியது என்பதால் எதிர்மறை எண் வராது. ஸ்கேலிஜர் எண்ணியது ஆண்டுகளை. அதை நாள் எண்ணிக்கையாக வானியலரிடையே பரப்பியவர் ஜான் ஹெர்ஷல், 1849-இல்.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 1759 மார்ச் 13-ஐ எடுத்துக்கொள்வோம். ஹாலி வால்நட்சத்திரம் அடுத்த முறை சூரியனை நெருங்கிய நாள் அது. ஆண்டோடு 4716 கூட்டினால் 6475. அதை 365.25-ஆல் பெருக்கிப் பின்னத்தை விட்டுவிட்டால் 23,64,993. மாத எண்ணோடு ஒன்று கூட்டி 30.6001-ஆல் பெருக்கிப் பின்னத்தை விட்டால் 122. இவற்றோடு தேதி 13-ஐச் சேர்த்து 1524.5-ஐக் கழித்தால் 23,63,603.5. ஜனவரி, பிப்ரவரி என்றால் அவற்றை முந்தைய ஆண்டின் 13-ஆம், 14-ஆம் மாதமாகக் கொள்ள வேண்டும். இதுவரை போட்டது பழைய நாட்காட்டிக் கணக்கு. நாம் எடுத்தது புதிய நாட்காட்டித் தேதி, ஆகவே அந்த நூற்றாண்டின் பதினொரு நாளைக் கழிக்க வேண்டும். விடை 23,63,592.5. கடைசியில் நிற்கும் அரை, நாம் நள்ளிரவில் தொடங்குவதையும் இந்த எண்ணிக்கை நண்பகலில் தொடங்குவதையும் காட்டுகிறது.

இப்போது 1682-க்கு வருவோம். பாரிசின் செப்டம்பர் 15-க்கு இதே படிகளைப் போட்டு, அந்த நூற்றாண்டின் பத்து நாளைக் கழித்தால் 23,35,655.5. லண்டனின் செப்டம்பர் 5 பழைய நாட்காட்டித் தேதி, எதையும் கழிக்க வேண்டியதில்லை. அதற்கும் 23,35,655.5 என்றே வருகிறது. இரண்டு ஊரின் சண்டை இந்த ஓர் எண்ணில் தீர்ந்துவிட்டது. 1759-இன் எண்ணிலிருந்து இதைக் கழித்தால் 27,937 நாள். முந்தைய இரண்டு சுற்றுகளும் இப்படியே கிடைக்கின்றன. 1531-லிருந்து 1607 வரை 27,811, 1607-லிருந்து 1682 வரை 27,352. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 1.6 ஆண்டு வரை வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தைத்தான் பிரான்சில் அலெக்சி கிளேரோ முன்கூட்டியே கணக்கிடப் பார்த்தார். ஜெரோம் லலாந்தும் நிக்கோல்-ரேன் லெப்போத் அம்மையாரும் மாதக்கணக்கில் காலையிலிருந்து இரவு வரை அவருக்காகக் கணக்குப் போட்டார்கள். 1758 நவம்பரில் முடிவை அறிவித்தார்: வரும் சுற்று முந்தையதைவிட 618 நாள் நீளும், அதில் 518 நாள் வியாழனால், 100 நாள் சனியால். வால்நட்சத்திரம் ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம். உண்மையில் சுற்று நீண்டது 585 நாள் (27,937-லிருந்து 27,352-ஐக் கழித்துப் பாருங்கள்). பிழை 33 நாள்.

நாட்காட்டியைக் குழப்பினால் என்ன ஆகும் என்பதை இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். லண்டன் குறிப்பிலுள்ள செப்டம்பர் 5-ஐ ஒருவர் புதிய நாட்காட்டித் தேதி என்று எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள். 1682-ஆம் ஆண்டு நிகழ்வு பத்து நாள் முன்னால் போய்விடுகிறது. முந்தைய சுற்று பத்து நாள் குறைந்து 27,342 ஆகிறது, பிந்தைய சுற்று பத்து நாள் கூடி 27,947 ஆகிறது. நடுவிலுள்ள ஒரே தேதி இரண்டு சுற்றையும் தொடுவதால் தவறு இரட்டிக்கிறது. சுற்று நீண்டது இப்போது 605 நாள், கிளேரோவின் பிழையோ வெறும் 13 நாள்! தவறான விடை சரியானதைவிட அழகாக இருக்கிறது. இத்தகைய தவறுதான் ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் விடை நன்றாக வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கிழமை. நாட்காட்டிகள் மாறியபோதும் கிழமை வரிசை அறுபடவில்லை, வியாழனுக்குப் பின் வெள்ளிதான் வந்தது. நண்பகலின் நாள் எண்ணை ஏழால் வகுத்து மீதி 0 என்றால் திங்கள், 1 என்றால் செவ்வாய். 23,35,656-ஐ வகுத்தால் மீதி 1. குறிப்பு எழுதியவர் தேதியோடு செவ்வாய் என்றும் எழுதியிருந்தால் அது பழைய நாட்காட்டி என்று உறுதியாகிவிடும். புதிய நாட்காட்டியின் செப்டம்பர் 5 அந்த ஆண்டு சனிக்கிழமை. பழைய கையெழுத்துக் குறிப்புகளில் கிழமை இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது.

நண்பகலில் நாள் தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. இரவு முழுக்கத் தொலைநோக்கியில் இருப்பவருக்கு நள்ளிரவில் தேதி மாறுவது தொல்லை. நண்பகலில் மாறினால் ஐரோப்பாவில் ஓர் இரவு முழுதும் ஒரே எண்ணில் அடங்கும். நமக்கும் இது வசதி. கிரீன்விச் நண்பகல் என்றால் இந்திய நேரம் மாலை ஐந்தரை, ஆகவே காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் ஓர் இரவும் அப்படியே ஒரே எண்ணுக்குள் விழுகிறது. ஹவாயில் அந்த வசதி இல்லை, அங்கே எண் மாறுவது அதிகாலை இரண்டு மணிக்கு.

நிறுத்தாமல் நாளை எண்ணும் வழக்கம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்குப் புதிதல்ல. இந்திய வானியல் நூல்கள் இதை அஹர்கணம் என்கின்றன. கலியுகத் தொடக்கமான கிமு 3102 பிப்ரவரி 18-லிருந்து சென்ற நாள்களின் எண்ணிக்கை அது. 1825-இல் சென்னையில் அச்சான ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன், ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். கலி தொடக்க நள்ளிரவின் ஜூலியன் நாள் எண் 5,88,465.5. இன்றைய எண்ணிலிருந்து இதைக் கழித்தால் கலி நாள் எண்ணிக்கை வந்துவிடும். இரண்டு மரபுகளுக்கும் நடுவே ஒரே ஒரு கழித்தல்தான்.

இந்த எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. முதலாவது, கிமு ஆண்டுகளில் பூஜ்யம் இல்லை. கிமு 1-க்கு அடுத்தது கிபி 1. வானியலர் கணக்குக்காக கிமு 1-ஐ பூஜ்யம் என்று கொள்வதால், சீனக் குறிப்பில் ஹாலி வால்நட்சத்திரம் தோன்றும் கிமு 240 அவர்களுக்கு மைனஸ் 239. இதை மறந்தால் பத்து நாள் அல்ல, ஓர் ஆண்டே பிசகும்.

இரண்டாவது எல்லை இன்னும் ஆழமானது. நாள் என்பது பூமியின் ஒரு சுழற்சி என்றால், அந்தச் சுழற்சியே சீராக இல்லை. நிலவால் எழும் கடலலை ஏற்றத்தின் உராய்வு பூமியை மெல்லத் தளர்த்துகிறது. ஒரு நூற்றாண்டில் நாளின் நீளம் கூடுவது ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடி கூட இல்லை. ஆனால் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வருவதால், கிமு 240-க்குப் போகும்போது பூமியின் கடிகாரமும் சீரான கடிகாரமும் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பிரிந்து நிற்கின்றன. அதனால்தான் இன்றைய பட்டியல்களில் ஜூலியன் நாள் எண்ணோடு அது எந்தக் கால அளவில் எண்ணப்பட்டது என்பதையும் எழுதுகிறார்கள். வால்நட்சத்திரத்தின் பாதையைக் கணக்கிட வேண்டுமானால் சீரான காலம் வேண்டும். அன்றிரவு அது சீனாவில் எந்த நேரத்தில் உதித்திருக்கும் என்று அறிய வேண்டுமானால் பூமியின் சுழற்சிக் காலம்தான் வேண்டும்.